இலவச நகர்த்தல் என்று ஒன்றில்லை

"ஷிஃப்ட்டுக்கு ஏது செலவு? வெறும் கம்பிதானே!" டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் வகுப்பு முதல் சிப் வடிவமைப்பு வேலைக்கான நேர்காணல் வரை இந்தப் பதில் சலிக்காமல் ஒலிக்கிறது. சொல்பவர்கள் முட்டாள்கள் அல்ல. அவர்கள் பக்க நியாயத்தை முதலில் முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

ஓர் எண்ணை இடம் நகர்த்தும்போது எந்தக் கணக்கும் நடப்பதில்லை. பிட்டுகளின் மதிப்பு மாறுவதில்லை, அவை உட்காரும் இடம்தான் மாறுகிறது. பழைய செயலிகள் ஒரு சுற்றுக்கு ஓரிடம் என்று நகர்த்தின. இன்டெல் 8086-இல் ஒரு ரெஜிஸ்டரை n இடம் நகர்த்த 8+4n கிளாக் துடிப்பு ஆகும். 12 இடம் நகர்த்த 56 துடிப்பு. 1985-இல் வந்த 80386 இந்த அவலத்தை முடித்துவைத்தது. அதற்குள் பேரல் ஷிஃப்டர் இருந்ததால், ஓரிடமானாலும் 31 இடமானாலும் 3 துடிப்புதான். பாடநூல்கள் காட்டும் பேரல் ஷிஃப்டரின் அமைப்பும் அழகானது. 32 பிட்டுக்கு ஐந்து வரிசை மல்டிபிளெக்சர்கள். முதல் வரிசை ஓரிடம் நகர்த்தும் அல்லது சும்மா விடும், அடுத்தது 2 இடம், பிறகு 4, 8, 16. நகர்த்த வேண்டிய தொலைவின் ஒவ்வொரு பிட்டும் ஒரு வரிசையை ஆட்டுவிக்கும். எத்தனை இடமானாலும் ஒரே படியில் வேலை முடிந்தது.

இதிலிருந்து மூன்று முடிவுகளுக்குத் தாவுகிறார்கள். செயலியிலேயே மலிவான வேலை ஷிஃப்ட்தான். பெருக்கலை ஷிஃப்ட்டாக மாற்றினால் எப்போதும் லாபம். பேரல் ஷிஃப்டர் இல்லாத செயலி அரைகுறையானது. மூன்றும் தவறு. தவறு எங்கே நுழைகிறது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. எந்த ஷிஃப்ட்டைப் பற்றிப் பேசுகிறோம்?

"வெறும் கம்பி" என்ற வாதம் ஒரே ஓர் இடத்தில் முழு உண்மை. தொலைவு முன்கூட்டியே தெரிந்து, அது ஒருபோதும் மாறாது என்றால், உள்ளே வரும் 0-ஆம் பிட்டின் கம்பியை வெளியே 3-ஆம் இடத்தில் கொண்டுபோய் இணைத்தால் போதும். ஒரு கேட்கூட வேண்டாம். வெரிலாக்கில் `y = x << 3` என்று எழுதினால் சிப்பில் ஒன்றும் உருவாகாது, பிட்டுகளின் பெயர்தான் மாறும்.

ஆனால் `y = x << n` என்று எழுதிப் பாருங்கள். n ஒரு ரெஜிஸ்டரிலிருந்து வருகிறது, ஓடும்போதுதான் அதன் மதிப்பு தெரியும். இப்போது வெளியேறும் ஒவ்வொரு பிட்டும் "எனக்கு எந்தக் கம்பி?" என்று கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்வு வந்த மறுகணமே கம்பி வாதம் செத்துவிடுகிறது. எழுத்தில் இரண்டுக்கும் ஓரெழுத்து வித்தியாசம், சிப்பில் அவை இரண்டு வெவ்வேறு சுற்றுகள். முதலாவதின் விலையை எடுத்து இரண்டாவதின் தலையில் ஒட்டியதுதான் இந்த மூட நம்பிக்கையின் பிறப்பிடம்.

சிறிய உதாரணம் ஒன்றைக் கையால் போட்டுப் பார்க்கலாம். 8 பிட் எண் 10110110, இதை இடப்பக்கம் 5 இடம் நகர்த்த வேண்டும். 5 என்பது இரும எண்ணில் 101. முதல் வரிசையின் தேர்வுக் கம்பியில் 1 இருக்கிறது, ஆகவே ஓரிடம் நகர்ந்து 01101100 ஆகிறது. இரண்டாவது வரிசைக்கு 0, அப்படியே கடக்கிறது. மூன்றாவதுக்கு 1, ஆகவே 4 இடம் நகர்ந்து 11000000 வருகிறது. சரியான விடை. இதற்கு 3 வரிசை, வரிசைக்கு 8 என மொத்தம் 24 மல்டிபிளெக்சர்கள். நடு வரிசையைக் கவனியுங்கள். அங்கே நகர்த்தல் எதுவும் நடக்கவில்லை, ஆனால் எட்டு மல்டிபிளெக்சரும் அங்கே நின்றன, பிட்டுகள் அவற்றின் வழியேதான் போயின. 0 இடம் நகர்த்தச் சொன்னாலும் மூன்று வரிசையையும் கடந்தாக வேண்டும்.

32 பிட்டுக்கு இது 5 × 32 = 160 மல்டிபிளெக்சர். 64 பிட்டுக்கு 6 × 64 = 384. இது இடப்பக்கம் மட்டும் நகர்த்தும் சுற்று. வலப்பக்கமும் வேண்டும் என்றால், உள்ளே நுழையும் முன் பிட்டுகளைத் தலைகீழாக்க ஒரு வரிசை, வெளியே வரும்போது திருப்பிப் போட இன்னொரு வரிசை வைப்பது வழக்கம். குறியைக் காக்கும் வலப்பக்க நகர்த்தலுக்கு, காலியாகும் இடத்தில் 0 போடுவதா குறி பிட்டைப் போடுவதா என்ற தேர்வும் சேரும்.

இது எவ்வளவு பெரிது என்று உணர ஐஸ்40 எச்எக்ஸ்1கே என்ற சிறிய எஃப்பிஜிஏவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மொத்தம் 1280 லாஜிக் செல்கள். ஒவ்வொன்றிலும் நான்கு உள்ளீடு கொண்ட ஒரு லுக்-அப் டேபிள் இருக்கிறது, கூட்டலுக்கான கேரி பாதையும் தனியே இருக்கிறது. ஆகவே 32 பிட் கூட்டிக்கு 32 செல் போதும். இருவழி மல்டிபிளெக்சர் ஒவ்வொன்றும் ஒரு செல்லை விழுங்கும் என்பதால் 32 பிட் பேரல் ஷிஃப்டருக்கு 160 செல், அதுவும் ஒரு பக்கம் மட்டும். சிப்பின் எட்டில் ஒரு பங்கு போய்விட்டது. கூட்டியைப் போல ஐந்து மடங்கு இடம் பிடிக்கும் ஒன்றை "இலவசம்" என்று சொல்பவர்களிடம் எனக்கு வாதம் இல்லை, ஒரு சிந்தசிஸ் ரிப்போர்ட்டைத் திறந்து காட்டினால் போதும்.

2. "ஒரே படி" என்பது யார் எண்ணும் படி?

மென்பொருள் எழுதுபவர் கட்டளையை எண்ணுகிறார், அவருக்கு ஒரு படி. சுற்றுக்குள் பயணிக்கும் மின்சைகைக்கு ஐந்து படி. பேரல் ஷிஃப்டர் படிகளை ஒழிக்கவில்லை. ஐந்து படியையும் ஒரே கிளாக் துடிப்புக்குள் அடக்கித் தருகிறது, அவ்வளவுதான். அடங்குமா அடங்காதா என்பதைத் தீர்மானிப்பது ஷிஃப்டர் அல்ல, துடிப்பின் நீளம்.

சரி, புத்திசாலித்தனமாக இந்த ஐந்தைக் குறைக்க முடியாதா? ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 32 பிட் சுழற்றியின் வெளியீட்டில் ஒரே ஒரு பிட்டை எடுத்துக்கொள்வோம். அது 32 உள்ளீட்டுப் பிட்டில் எதுவாகவும் இருக்கலாம், எது என்பதைத் தொலைவின் 5 பிட் சொல்கிறது. ஆக அந்த ஒரு பிட் 37 சைகைகளைச் சார்ந்திருக்கிறது. இரண்டு உள்ளீட்டுக் கேட்டுகளால் 37 சைகைகளை ஓரிடத்தில் சேர்க்கக் குறைந்தது 6 அடுக்கு தேவை, ஏனென்றால் 5 அடுக்கில் 32-க்கு மேல் சேராது. எவ்வளவு சாமர்த்தியம் காட்டினாலும் இந்தத் தளத்துக்குக் கீழே இறங்க முடியாது.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு வரும். மல்டிபிளெக்சர் வரிசைகளே இல்லாமல், 32 × 32 கட்டம் போட்டு, ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு டிரான்சிஸ்டர் வைத்தால் உண்மையிலேயே ஒரே தாவல்தானே? ஆமாம், 1985-இன் ஏஆர்எம்1 சிப்பில் இருந்தது அந்த மாதிரிதான். ஆனால் அங்கே ஒவ்வொரு வெளியீட்டுக் கம்பியிலும் 32 டிரான்சிஸ்டர்கள் தொங்குகின்றன. ஒன்று மட்டும் வேலை செய்யும்போதும் மற்ற 31-இன் மின்தேக்கச் சுமையையும் அது சேர்த்து இழுக்க வேண்டும். போதாததற்கு, தொலைவின் 5 பிட்டை 32 கட்டுப்பாட்டுக் கம்பிகளாக விரிக்க ஒரு டிகோடர் முன்னால் நிற்க வேண்டும். அடுக்குகளை எண்ணிக்கையில் குறைத்துவிட்டு ஒவ்வொன்றின் சுமையையும் கூட்டிக்கொண்டோம். தாமதம் எங்கும் போய்விடவில்லை.

கம்பியை மறந்தாலும் தப்பு. 16 இடம் நகர்த்தும் வரிசையில் ஒவ்வொரு பிட்டும் பதினாறு பிட் அகலத்தைத் தாண்டிக் குறுக்கே ஓட வேண்டும். அந்த வரிசையின் நடுவில் வெட்டிப் பார்த்தால் 16 கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கடந்துபோகும், சுழற்றியாக இருந்தால் திரும்பி வருபவையும் சேர்ந்து 32. ஒவ்வொரு தேர்வுக் கம்பியும் 32 மல்டிபிளெக்சர்களை ஆட்ட வேண்டும் என்பதால் அதற்கும் இடையில் பஃபர்கள் போட வேண்டும். "வெறும் கம்பிதானே" என்று ஆரம்பித்த வாதத்துக்கு இது நல்ல தண்டனை. ஷிஃப்டரின் பரப்பளவைத் தின்பதில் அந்தக் கம்பிகளுக்கே பெரிய பங்கு.

கூட்டல் கடினம், நகர்த்தல் எளிது என்ற பாகுபாடும் இங்கே உடைகிறது. பீட்டர் கோகியும் ஹெரால்ட் ஸ்டோனும் 1973-இல் வெளியிட்ட முறையில் அமைந்த வேகமான 32 பிட் கூட்டியில், கேரி 1, 2, 4, 8, 16 இடம் தாண்டும் ஐந்து அடுக்குகளில் ஓடுகிறது. அதே எண்கள், ஏறக்குறைய அதே கம்பிப் பின்னல். பிட் எண்ணிக்கை இரட்டிக்க இரட்டிக்க இரண்டும் ஒவ்வோர் அடுக்காக வளர்கின்றன. இந்த இரண்டில் ஒன்றைப் பாரம் என்றும் மற்றதை இலவசம் என்றும் சொல்ல என்ன நியாயம்?

3. துடிப்பைச் சுருக்கினால் என்ன ஆகும்? இன்டெல் செய்து காட்டியது.

2000 நவம்பரில் வந்த பென்டியம் 4-ஐ விடச் சிறந்த சாட்சி இந்த வழக்குக்குக் கிடையாது. அதன் வேகமான கணக்கு அலகுகள் சிப்பின் கிளாக்கைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் ஓடின. கூட்டல் அரைத் துடிப்பில் முடிந்தது, அடுத்த கட்டளை அந்த விடையை உடனே எடுத்துக்கொள்ளலாம். ஷிஃப்ட்டுக்கு? 4 துடிப்பு. "செயலியிலேயே மலிவான வேலை" கூட்டலைவிட எட்டு மடங்கு மெதுவாக நடந்தது.

இது அலட்சியத்தால் நேர்ந்தது என்று சொல்பவர்கள் உண்டு. காரணத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. அரைத் துடிப்புக்குள் 32 பிட் கூட்டலை முடிக்க முடியாது என்பதால் அவர்கள் எண்ணை இரண்டாக வெட்டினார்கள். முதல் அரைத் துடிப்பில் கீழ் 16 பிட், அடுத்த அரைத் துடிப்பில் மேல் 16 பிட். கூட்டலுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும், ஏனென்றால் கேரி எப்போதும் கீழிருந்து மேலே மட்டுமே போகிறது. அடுத்தடுத்து வரும் கூட்டல்களும் கீழ்ப் பாதி விடை கிடைத்ததுமே தொடங்கிவிடலாம், மேல் பாதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

வலப்பக்க நகர்த்தலை இந்த ஏற்பாட்டுக்குள் நுழைத்துப் பாருங்கள். மேல் பாதியின் பிட்டுகள் கீழ்ப் பாதிக்குள் இறங்க வேண்டும். கீழ்ப் பாதியின் விடையைச் சொல்ல மேல் பாதி ஏற்கெனவே கையில் இருக்க வேண்டும், ஆனால் அது இன்னும் வந்து சேரவில்லை. சுழற்றலோ இரு திசையிலும் பாய்கிறது. ஓட்டத்தின் போக்கே எதிர்த் திசையில் இருப்பதால் ஷிஃப்ட்டை அந்த வேகமான அலகிலிருந்து வெளியேற்றி, மெதுவான தனி அலகுக்கு அனுப்பினார்கள்.

விளைவு கம்பைலர் வரை எட்டியது. ஓர் எண்ணை இடப்பக்கம் 3 இடம் நகர்த்த `shl eax, 3` என்று எழுதினால் 4 துடிப்பு. அதையே

```
add eax, eax
add eax, eax
add eax, eax
```

என்று மூன்று முறை தன்னோடு தானே கூட்டினால் ஒன்றரைத் துடிப்பு. தாமதத்தை மட்டும் பார்த்தால் 7 இடம் வரை கூட்டல்தான் ஜெயிக்கும். "பெருக்கலையும் கூட்டலையும் ஷிஃப்ட்டாக மாற்று" என்ற பாட்டி வைத்தியம் இந்தச் சிப்பில் தலைகீழாக நின்றது. 2004-இல் வந்த பிரெஸ்காட் பதிப்பில் ஷிஃப்டரை வேகமான அலகுப் பக்கம் கொண்டுவந்து 1 துடிப்பாக்கினார்கள். அப்போதும் கூட்டலுக்குச் சமமாகத்தான் ஆயிற்று.

இங்கே தெரிவது ஒன்றே. ஷிஃப்ட் ஒரு துடிப்பில் முடிகிறது என்றால், அந்தத் துடிப்பு ஷிஃப்டரின் ஐந்தாறு அடுக்குகளும் அடங்கும் அளவுக்கு நீளமாக வைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நீளத்துக்கான விலையை ஷிஃப்ட்டே செய்யாத கட்டளைகளும் ஒவ்வொரு துடிப்பிலும் கட்டிக்கொண்டிருக்கலாம்.

4. "எத்தனை இடமானாலும்" என்பதும் பொய்.

ஐந்து வரிசைக்கு ஐந்து தேர்வுக் கம்பிதான் உண்டு. ஐந்து பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 31. 32 இடம் நகர்த்தச் சொன்னால் அந்த ஐந்து கம்பிக்கும் போவது 00000, ஷிஃப்டர் எண்ணைத் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிடும். சி மொழி எழுதுபவர்கள் அடிக்கடி எழுதும் இந்தச் சிறு செயல்பாட்டைப் பாருங்கள். கீழிருந்து n பிட்டுகளை மட்டும் 1 ஆக்கித் தர வேண்டும் என்பது நோக்கம்.

```c
uint32_t mask(unsigned n) {
    return (1u << n) - 1;
}
```

n 8 என்றால் 0xFF. n 31 வரை எல்லாம் நன்றாகப் போகும். n 32 என்றால் 32 பிட்டும் 1 ஆக வேண்டும். எக்ஸ்86 சிப்பில் `1u << 32` என்பது 1 இடமும் நகராமல் 1 ஆகவே நிற்கும், அதில் 1 கழித்தால் 0. முழு முகமூடி கேட்டவருக்கு வெற்று முகமூடி கிடைக்கிறது. அதே நிரல் 32 பிட் ஏஆர்எம்-இல் சரியாக ஓடும். அந்தச் சிப் தொலைவு ரெஜிஸ்டரின் கடைசி பைட்டை முழுதாகப் பார்க்கிறது, 32 அல்லது அதற்கு மேல் என்றால் 0 தருகிறது. பிறகு யாராவது அதை 64 பிட் ஏஆர்எம்-க்கு மாற்றுவார்கள். அங்கே மறுபடியும் கீழ் ஐந்து பிட் மட்டுமே பார்க்கப்படுகிறது, நிரல் மறுபடியும் உடைகிறது. ரிஸ்க்-வி 32 பிட்டிலும் அதே கதை. சி மொழியின் விதியோ, பிட் அகலத்துக்குச் சமமான அல்லது அதற்கு மிஞ்சிய நகர்த்தலுக்கு எந்த அர்த்தமும் இல்லை என்று கைவிரித்துவிட்டது. கம்பைலர் தன் இஷ்டத்துக்கு எதையும் செய்யலாம்.

இந்தப் பிழை சோதனையில் தப்பிவிடும், ஏனென்றால் பெரும்பாலும் யாரும் n-க்கு 32 கொடுத்துப் பார்ப்பதில்லை. `-fsanitize=shift` என்ற தேர்வோடு தொகுத்து ஓட்டினால் அந்த வரியிலேயே பிடிபடும். 32-ஐத் தனியே கையாள ஒரு நிபந்தனை போடுவதுதான் நேரான மருந்து.

மேல் பிட்டுகளையும் மதித்து 0 தர வேண்டும் என்றால் வன்பொருளில் அதற்கும் செலவு உண்டு. தொலைவின் மேல் பிட்டுகளை எல்லாம் ஓஆர் செய்து, வெளியேறும் 32 பிட்டையும் ஒரு ஏஎன்டி கேட் வரிசையால் அடைக்க வேண்டும். பலரும் அந்தச் செலவை ஏற்காமல் வெட்டிவிட்டார்கள். இன்டெல் வெட்டியதற்குப் பின்னால் கூடுதலாக ஒரு காரணமும் உண்டு. 8086 தொலைவை வெட்டாமல் 255 வரை எடுத்துக்கொண்டது. 8 + 4 × 255 = 1028 துடிப்பு. 4.77 மெகாஹெர்ட்சில் ஓடிய ஐபிஎம் பிசியில் இது ஒரே கட்டளைக்கு 215 மைக்ரோ வினாடிக்கு மேல், அதுவரை குறுக்கீடுகளும் வாசலில் நிற்க வேண்டும். பின்வந்த சிப்கள் தொலைவைக் கீழ் ஐந்து பிட்டாக வெட்டின, இன்றும் அந்த வெட்டு நிற்கிறது.

5. பேரல் ஷிஃப்டர் இல்லாதது குறையா?

ஆர்டுயினோ யூனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பில் பேரல் ஷிஃப்டர் கிடையாது. ஒரு கட்டளைக்கு ஓரிடம்தான். இதைப் பார்த்ததும் "இந்தக் காலத்திலும் இப்படியா?" என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். அதில் `1 << n` என்று எழுதினால் கம்பைலர் உருவாக்கும் சுழல் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

```
    rjmp 2f
1:  lsl  r24
    rol  r25
2:  dec  r22
    brpl 1b
```

சி மொழி 1-ஐ 16 பிட் எண்ணாக எடுத்துக்கொள்வதால் `lsl`, `rol` என இரண்டு கட்டளை. ஓரிடத்துக்கு 5 துடிப்பு, மேற்செலவு 4. n 0 என்றால் 4 துடிப்பு, n 7 என்றால் 39. 16 மெகாஹெர்ட்சில் கால் மைக்ரோ வினாடிக்கும் கிட்டத்தட்ட இரண்டரை மைக்ரோ வினாடிக்கும் உள்ள வித்தியாசம். 0-ஆம் பின்னில் சரியாக வரும் சைகை 7-ஆம் பின்னில் தாமதமாக வருகிறது என்று அலைக்காட்டியில் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் தேட வேண்டிய இடம் இதுதான். மருந்து எட்டு பைட் அட்டவணை: 1, 2, 4, 8, 16, 32, 64, 128. n-ஆம் உறுப்பை எடு, எந்தப் பின் ஆனாலும் ஒரே நேரம்.

இதே சிப்பில்தான் வேடிக்கை. 8 × 8 பிட் பெருக்கலுக்கு அதில் தனி வன்பொருள் இருக்கிறது, எந்த எண்ணானாலும் 2 துடிப்பு. தொலைவு மாறிக்கொண்டே இருக்கும் இடப்பக்க நகர்த்தலை, மேற்சொன்ன அட்டவணையிலிருந்து 2-இன் அடுக்கை எடுத்துப் பெருக்கிவிடுவது சுழலைவிட வேகமாக முடியும். பெரிய எஃப்பிஜிஏக்களிலும் சும்மா கிடக்கும் பெருக்கிகளை ஷிஃப்டராகப் பயன்படுத்தி லுக்-அப் டேபிள்களை மிச்சப்படுத்துவது பழகிய உத்திதான். ஷிஃப்ட்டைப் பெருக்கலாக மாற்றினால் லாபம்! நேர்காணலில் இதைச் சொன்னால் வேலை கிடைக்குமா என்று தெரியவில்லை.

இல்லாமல் விடுவதும் இருப்பதும் என இரண்டே வழி இருப்பதாக நினைப்பதும் தவறு. பிகோஆர்வி32 என்ற சிறிய திறந்த ரிஸ்க்-வி செயலி இதை நேர்மையாக முன்வைக்கிறது. `BARREL_SHIFTER` என்ற அமைப்பு அதில் இருக்கிறது, இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. அணைந்திருக்கும்போது அது முடிந்தவரை நான்கு நான்கு இடமாகவும், மிச்சத்தை ஒவ்வோரிடமாகவும் நகர்த்துகிறது. 31 இடம் என்றால் 7 முறை நான்கு, 3 முறை ஒன்று, ஆக 10 சுற்று. அடிப்படைச் செலவு 4 துடிப்போடு சேர்த்து 14. சாதாரணக் கூட்டல் அந்தச் செயலியில் 3 துடிப்பு. ஒரு வெப்பமானியைப் படித்து எல்இடியை எரியவைக்கும் நிரலில் 31 இட நகர்த்தல் எத்தனை முறை வரும்? அதற்காக 160 செல்களைக் கொடுப்பதைவிட 14 துடிப்பைக் கொடுப்பது மலிவு. அந்தச் செல்களில் இன்னொரு டைமரும் ஒரு சீரியல் போர்ட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எதிர்த் தரப்புக்கு விட்டுக்கொடுக்க வேண்டிய இடங்களும் உண்டு. மிதவைப் புள்ளி எண்களைக் கூட்டும் அலகால் பேரல் ஷிஃப்டர் இல்லாமல் வாழ முடியாது. இரண்டு எண்களின் அடுக்குகளில் உள்ள வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு இடம் சிறிய எண்ணை வலப்பக்கம் தள்ளிய பிறகுதான் கூட்டலே தொடங்கும், அந்த வித்தியாசம் ஒவ்வொரு கூட்டலிலும் மாறும். இன்னொரு இடம் மறைகுறியாக்கம். ரொனால்ட் ரிவெஸ்ட் 1994-இல் உருவாக்கிய ஆர்சி5 தரவையே தொலைவாக வைத்துச் சுழற்றுகிறது. ஓரிடம் ஓரிடமாகச் சுழற்றும் செயலியில் அதை ஓட்டினால், எடுத்துக்கொண்ட நேரமே ரகசியத்தைக் கசியவிடும். எந்தத் தொலைவுக்கும் மாறாத நேரம் என்பதே அங்கே முக்கியம், வேகம் இரண்டாம்பட்சம். இந்த இடங்களில் 160 மல்டிபிளெக்சருக்கும் நல்ல வேலை இருக்கிறது. தேவை இருப்பதால் வாங்குகிறோம், இலவசம் என்பதால் அல்ல.

"இலவச ஷிஃப்ட்" என்பதைத் தன் அடையாளமாகவே வைத்திருந்த கட்டமைப்பு ஏஆர்எம். கூட்டல் கட்டளையின் இரண்டாவது எண்ணை அதே கட்டளையிலேயே நகர்த்திக்கொள்ளலாம். ஆனால் தொலைவு ரெஜிஸ்டரிலிருந்து வந்தால், அதைப் படிப்பதற்காகவே தொடக்கச் சிப்களில் கூடுதலாக ஒரு துடிப்பு போனது. 64 பிட் கட்டமைப்பை வரைந்தபோது அந்த வசதியை அவர்கள் எடுத்தேவிட்டார்கள். இன்று கூட்டலோடு ஒட்டி வருவது மாறாத தொலைவு நகர்த்தல் மட்டும், மாறும் தொலைவுக்குத் தனிக் கட்டளை. நியோவெர்ஸ் வி1 போன்ற செயலிகளில் மாறாத தொலைவிலும் பாகுபாடு உண்டு. கூட்டலோடு ஒட்டிய இடப்பக்க நகர்த்தல் 4 இடம் வரை என்றால் 1 துடிப்பு, அதற்கு மேல் போனால் 2.

ஆகவே அடுத்த முறை யாராவது "வெறும் கம்பிதானே" என்றால், தொலைவு மாறிலியா மாறியா என்று முதலில் கேளுங்கள். மாறி என்று பதில் வந்தால், எத்தனை பிட், எந்தச் சிப், எவ்வளவு துடிப்பு நீளம் என்று அடுத்துக் கேளுங்கள். இந்த மூன்றுக்கும் விடை தெரியாதவர் சொல்லும் விலையை நம்பி வடிவமைப்பில் கை வைக்காதீர்கள்.